மூன்றாவது வரியில் இருந்த அம்மா

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு எடுத்தேன். எதிரே இருந்தவர்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக ஊழியர்கள். எடுத்துக்காட்டுக்கு நான் கொண்டுபோனது, புள்ளியியல் படிக்கிற எல்லோர் கையிலும் ஒருமுறையாவது வந்துபோகும் பீமா நீரிழிவுத் தரவு. அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டி வாழும் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் பரிசோதனை விவரங்கள் அதில் இருக்கின்றன. அந்த மக்களிடம் நீரிழிவு மிக அதிகம் என்பதால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தினர் 1965 முதல் அவர்களை விடாமல் பரிசோதித்து வந்தார்கள். அதிலிருந்து 21 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களை மட்டும் எடுத்துத் தொகுத்த அட்டவணை இது. 1990-இல் பொதுக் களஞ்சியத்துக்கு வந்தது. அன்றிலிருந்து கணக்கில்லாத வகுப்பறைகளுக்குப் போய்வந்திருக்கிறது.

திரையில் முதல் ஐந்து வரிகளைக் காட்டினேன்.

```
Pregnancies,Glucose,BloodPressure,SkinThickness,Insulin,BMI,DiabetesPedigreeFunction,Age,Outcome
6,148,72,35,0,33.6,0.627,50,1
1,85,66,29,0,26.6,0.351,31,0
8,183,64,0,0,23.3,0.672,32,1
1,89,66,23,94,28.1,0.167,21,0
0,137,40,35,168,43.1,2.288,33,1
```

பின் வரிசையில் இருந்த ஆய்வக அக்கா ஒருவர் கையைத் தூக்கினார். "சார், மூணாவது வரியில இருக்கிற அம்மாவுக்குத் தோல் மடிப்பு ஜீரோன்னு போட்டிருக்கு. அதை எப்படி அளந்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "அவங்களுக்கு இன்சுலினும் ஜீரோ. நாங்க லேப்ல ஜீரோன்னு ரிப்போர்ட் குடுக்க மாட்டோம் சார். மெஷினால அளக்க முடியாத அளவுக்குக் குறைவா இருந்தா, 'இதைவிடக் குறைவு'ன்னு ஒரு எண்ணைப் போட்டுத்தான் குடுப்போம்."

என்னிடம் இருந்த பிரதியின் விளக்கத்தில் "விடுபட்ட மதிப்புகள்: இல்லை" என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் இன்சுலினுக்குச் சராசரி எடுத்து, படம் வரைந்து, மாதிரியும் கட்டி வைத்திருந்தேன். அன்று மதியம் உணவு இடைவேளையில் உட்கார்ந்து பூஜ்ஜியங்களை எண்ணினேன்.

```python
cols = ["Glucose", "BloodPressure", "SkinThickness", "Insulin", "BMI"]
print((df[cols] == 0).sum())
```

குளுக்கோஸில் 5, ரத்த அழுத்தத்தில் 35, தோல் மடிப்பில் 227, இன்சுலினில் 374, உடல் நிறைக் குறியீட்டில் 11. 768 பேரில் 374 பேருக்கு இன்சுலின் அளவே இல்லை, கிட்டத்தட்ட பாதிப் பேர். நான் காலையில் காட்டிய இன்சுலின் சராசரி 79.8. பூஜ்ஜியங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 155.5. மதியம் வகுப்புக்குத் திரும்பியதும் இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, காலையில் காட்டியது தவறு என்று சொன்னேன். அந்த அக்காவுக்கு நன்றியும் சொன்னேன். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விதான் இன்று நான் செய்யும் வேலைக்கே அடிப்படை.

இப்போது ஒரு பொதுச் சுகாதார ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். யாராவது ஒரு தரவுத்தொகுப்பை எங்கள் பொதுச் சேமிப்பில் வைக்க வேண்டுமென்றால், அதன் விளக்க ஆவணம் முதலில் என் மேசைக்கு வரும். எந்த நெடுவரிசைக்குப் பொருள் சொல்லப்படவில்லை, எதற்கு அலகு இல்லை, எந்த வெற்றிடத்துக்குக் காரணம் இல்லை என்று பார்த்துத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. போன வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பயிற்சிக்காக இதே பீமா அட்டவணையை எடுத்து, தானே ஒரு விளக்க ஆவணம் எழுதிக் கொண்டுவந்தார். அதை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த விதத்தைத்தான் இங்கே சொல்கிறேன். பழகிய தரவு என்பதால் இதில் ஒளிந்திருப்பவை தெளிவாகத் தெரியும்.

முதலில் தரவைத் திறப்பதில்லை. ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் "இதில் வரவே முடியாத ஓர் எண்ணைச் சொல்" என்று கேட்பேன். தம்பி வயதுக்கு உடனே சொன்னார்: "21-க்குக் கீழே வரக் கூடாது அண்ணா." சரி, வயது நெடுவரிசைக்கு விளக்கம் இருக்கிறது. கருத்தரிப்பு எண்ணிக்கையில் பின்னமும் குறை எண்ணும் வராது, பூஜ்ஜியம் வரலாம். அதுவும் சரி. குளுக்கோஸுக்கு வந்ததும் தயங்கினார். அவருடைய ஆவணத்தில் "குளுக்கோஸ் அளவு" என்று மட்டும்தான் இருந்தது. வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா, எந்த அலகில் என்று இல்லை. இது தெரியாதபோது 15 என்ற எண் வரலாமா கூடாதா என்று சொல்ல முடியாது. சென்னையில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. அங்கே ஆய்வக அறிக்கையில் 15 என்றால் நோயாளி நினைவிழந்து கிடக்கிறார் என்று பொருள். லண்டனில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. அங்கே 15 என்றால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல், ஆனால் எழுந்து நடமாடும் ஒருவர். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 18 மடங்கு வித்தியாசம்.

வரவே முடியாத ஓர் எண்ணை ஆவணத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த நெடுவரிசைக்கு விளக்கம் எழுதப்படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். பெயரைச் சற்று நீட்டி எழுதுவதைப் பலர் விளக்கம் என்று நினைக்கிறார்கள். `BloodPressure` என்பதற்கு எதிரே "ரத்த அழுத்தம்" என்று எழுதினால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. மேல் அழுத்தமா கீழ் அழுத்தமா என்பதுதான் அவருக்கு வேண்டும். இந்த அட்டவணையில் இருப்பது கீழ் அழுத்தம், மில்லிமீட்டர் பாதரசத்தில். தலைப்பை மட்டும் பார்ப்பவர் 72 என்ற எண்ணை மேல் அழுத்தமாக எடுத்துக்கொண்டு, முதல் வரிப் பெண் அதிர்ச்சி நிலையில் இருப்பதாக நினைத்துவிடலாம்.

அடுத்து அலகு. குளுக்கோஸ் அலகை எப்படி நிரப்புவது என்று தம்பி கேட்டார். "எல்லாரும் மி.கி. கணக்குதானே அண்ணா, போட்டுடலாமா?" கூடாது என்றேன். எதை வைத்துப் போட்டோம் என்பதும் ஆவணத்தில் வர வேண்டும். மூல விளக்கத்தில் குளுக்கோஸ் நெடுவரிசைக்கு எதிரே "வாய்வழிக் குளுக்கோஸ் பரிசோதனையில் 2 மணி நேரத்தில் பிளாஸ்மா குளுக்கோஸ்" என்று இருக்கிறது, அலகு இல்லை. ஆனால் அதே விளக்கத்தில் வேறோர் இடத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை வருகிறது: 2 மணி நேர அளவு டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அப்புறம் தரவைத் திறந்தால், பூஜ்ஜியம் நீங்கலாக எண்கள் 44 முதல் 199 வரை போகின்றன. மில்லிமோல் கணக்கில் 199 என்பது இப்படி நடமாடும் மனிதர்களிடம் வராது. ஆக, அலகு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதலாம். பக்கத்திலேயே "மூலத்தில் நேரடியாக இல்லை, வரையறை வாக்கியத்தையும் எண்களின் வீச்சையும் வைத்து முடிவு செய்தது" என்றும் எழுத வேண்டும். அந்த இரண்டாவது வரி இருந்தால்தான், நாம் தவறியிருந்தாலும் பின்னால் வருபவர் அதைப் பிடித்துத் திருத்த முடியும்.

இன்சுலினில் சிக்கல் வேறு மாதிரி. அலகு இருக்கிறது, ஆனால் `mu U/ml` என்று இருக்கிறது. விசைப்பலகையில் µ என்ற கிரேக்க எழுத்து இல்லாத காலத்தில் அதன் பெயரையே தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதன் பொருள் மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட். தம்பி அதை மில்லி யூனிட் என்று படித்து, தன் ஆவணத்தில் அப்படியே எழுதியிருந்தார். ஆயிரம் மடங்கு பிழை. அலகு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிக் அடித்துப் போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அதனால் அலகு எழுதியிருக்கும் இடங்களிலும் ஒரு வரியை எடுத்து, அந்த எண்ணை அலகோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். "நாலாவது வரிப் பெண்ணுக்கு மில்லிலிட்டருக்கு 94 மில்லி யூனிட் இன்சுலின்" என்று படித்ததும், எங்கள் குழுவில் இருக்கும் மருத்துவர் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு இன்சுலின் யார் ரத்தத்திலும் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

கடைசி நெடுவரிசை `Outcome`. ஒன்று என்றால் நீரிழிவு உண்டு, பூஜ்ஜியம் என்றால் இல்லை என்று தம்பி எழுதியிருந்தார். பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நானும் அந்த மூன்று நாள் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் குளுக்கோஸின் உச்ச எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 768 பேரில், 268 பேர் நீரிழிவு உள்ளவர்கள் என்று குறிக்கப்பட்டிருக்கும் ஓர் அட்டவணையில், 200-ஐத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. மிக அதிகம் 199. நீரிழிவின் வரையறையே 200 என்றால் இது எப்படி? தற்செயலாக நடக்காது.

பதில் 1988-இல் வந்த மூல ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும், நீரிழிவு இல்லை என்று முடிவு வந்த ஒரு பரிசோதனையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்குள் நீரிழிவு வந்ததா என்பதுதான் `Outcome`. அதனால்தான் எல்லோருடைய குளுக்கோஸும் 200-க்குக் கீழே நிற்கிறது. ஆக இந்த நெடுவரிசை சொல்வது இன்றைய நிலையை அல்ல, வரப்போகும் ஐந்து ஆண்டுகளில் நடந்ததை. இதை எழுதாமல் விட்டால், படிப்பவர் "இப்போது நோய் இருக்கிறதா" என்று கண்டுபிடிக்கும் கருவி செய்வதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்துகொண்டிருப்பார். தம்பி தன் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஆம், இல்லை என்று இரண்டே மதிப்புகள் உள்ள நெடுவரிசையைத்தான் நான் மிக மெதுவாகப் படிப்பேன். எளிதாகத் தெரிவதால் யாரும் விளக்கம் எழுதுவதில்லை. ஆனால் எப்போது, யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது முழுவதும் அந்த ஒரு எண்ணுக்குள் மறைந்துகிடக்கும்.

`DiabetesPedigreeFunction` பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்கள் 0.078 முதல் 2.42 வரை. இதற்கு அலகு கிடையாது. பெற்றோர், உடன்பிறந்தோர் என்றால் பாதி, தாத்தா பாட்டி, மாமா அத்தை என்றால் கால், ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் என்றால் அரைக்கால் என்று உறவின் நெருக்கத்தையும், அவர்களுக்கு எந்த வயதில் நீரிழிவு வந்தது அல்லது எந்த வயது வரை வரவில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பெண் அது. சூத்திரமும் அதே 1988 கட்டுரையில் இருக்கிறது. கணக்கிட்டு வந்த நெடுவரிசை எதுவானாலும் அதன் சூத்திரமோ, சூத்திரம் இருக்கும் இடமோ ஆவணத்தில் இல்லாமல் நான் ஒப்புதல் தருவதில்லை.

இனி வெற்றிடங்கள். பூஜ்ஜியங்களை விடுபட்டவை என்று மாற்றி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தம்பி நினைத்தார். எண்ணிக்கையையும் சரியாகப் போட்டிருந்தார். நான் கேட்டது, ஏன் விடுபட்டன என்பது. அளக்கவே இல்லையா, அளந்து தொலைந்துவிட்டதா, கருவி காட்டாத அளவுக்குக் குறைவா? மூன்றுக்கும் கையாளும் விதம் வேறு. கருவி காட்டாத அளவு என்றால் அந்தப் பெண்ணின் இன்சுலின் குறைவு என்பதாவது நமக்குத் தெரியும். அளக்கவே இல்லை என்றால் ஒன்றும் தெரியாது.

காரணம் ஆவணத்தில் இல்லாதபோது தரவு எவ்வளவு தூரம் சொல்லும் என்று பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்தோம். முதலில் விளைவோடு ஒப்பிட்டோம். பின்னால் நீரிழிவு வந்த 268 பேரில் 138 பேருக்கு இன்சுலின் இல்லை, வராத 500 பேரில் 236 பேருக்கு இல்லை. அதாவது 51 சதவீதமும் 47 சதவீதமும். பெரிய இடைவெளி இல்லை. அடுத்து நெடுவரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டோம்.

```python
skin0 = df["SkinThickness"] == 0
ins0 = df["Insulin"] == 0
print(pd.crosstab(skin0, ins0))
```

இங்கேதான் தம்பி சட்டென்று திரையை நோக்கிச் சாய்ந்தார். தோல் மடிப்பு இல்லாத 227 பேரில் ஒருவருக்குக்கூட இன்சுலின் அளவு இல்லை. தற்செயலாக விடுபட்டிருந்தால், பாதிப் பேருக்காவது இருந்திருக்க வேண்டும். ரத்தத்தில் அளக்கும் ஒன்றும், மேல்கையின் பின்புறத் தோலைப் பிடித்து இடுக்கியால் அளக்கும் ஒன்றும் இப்படிச் சேர்ந்தே காணாமல் போகிறதென்றால், ஆய்வகத்தில் கருவி காட்டாத குறைந்த அளவு என்பது இந்த 227 பேருக்குப் பொருந்தாது. பரிசோதனை நடந்த முறையிலேயே ஏதோ இருக்கிறது. ஒருவேளை சில ஆண்டுகளின் பரிசோதனைகளில் இரண்டுமே இடம்பெறாமல் இருந்திருக்கலாம். "அதையே காரணம்னு எழுதிடலாமா அண்ணா?" என்றார். எழுதக் கூடாது. பரிசோதனை நடந்த தேதி இந்த அட்டவணையில் இல்லை, அதனால் நம்மால் சரிபார்க்க முடியாது. எழுத வேண்டியது நாம் கண்டதை: 227-உம் 374-க்குள் அடங்கும், காரணம் மூலத்தில் சொல்லப்படவில்லை. "காரணம் தெரியவில்லை" என்று ஓர் ஆவணம் சொன்னால் அதை நான் குறையாகக் கருதுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால்தான் திருப்பி அனுப்புவேன்.

பூஜ்ஜியங்களைப் பார்க்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கருத்தரிப்பு எண்ணிக்கையிலும் 111 பூஜ்ஜியங்கள் இருக்கின்றன. அவை உண்மையான பூஜ்ஜியங்கள். அட்டவணை முழுவதும் பூஜ்ஜியத்தைத் தேடி வெற்றிடமாக்கும் ஒற்றை வரி நிரலை எழுதினால், ஒருமுறையும் கருத்தரிக்காத பெண்களும் `Outcome`-இல் பூஜ்ஜியம் உள்ள 500 பேரும் அழிந்துபோவார்கள். அதனால் எது விடுபட்டதன் குறி என்பதை நெடுவரிசை நெடுவரிசையாக எழுத வேண்டும். ஆவணத்தின் தலைப்பில் ஒரே வரியாக எழுதினால் போதாது.

இதே தரவு வேறு வடிவங்களிலும் சுற்றுகிறது. ஆர் மொழியின் `MASS` தொகுப்பில் இன்சுலின் நெடுவரிசையை நீக்கிவிட்டு, மற்றவை முழுமையாக உள்ள 532 பேரை 200, 332 என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். `mlbench` தொகுப்பில் `PimaIndiansDiabetes` என்பதில் பூஜ்ஜியங்கள் அப்படியே இருக்கின்றன, `PimaIndiansDiabetes2` என்பதில் அவை வெற்றிடங்களாக மாற்றப்பட்டிருக்கின்றன. எல்லா நெடுவரிசையிலும் அளவு உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 392 பேர்தான் மிஞ்சுவார்கள். ஆகவே ஆவணத்தின் முதல் பத்தியிலேயே எத்தனை வரி, எங்கிருந்து எடுத்தது, நாம் என்ன மாற்றினோம் என்று இருக்க வேண்டும். இந்த எண்களை வைத்து ஒரு சோதனையும் செய்யலாம். முழுமையான 392 பேரோடு, இன்சுலின் மட்டும் இல்லாத 140 பேரைக் கூட்டினால் 532. கணக்கு இடிக்கவில்லை என்பதால் நம் எண்ணிக்கையும் அவர்கள் நீக்கிய விதமும் ஒத்துப்போகின்றன என்று நம்பலாம்.

மறுநாள் தம்பி திருத்திய ஆவணத்தோடு வந்தார். இன்சுலினுக்கு அவர் எழுதியிருந்தது இப்படி:

"குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து எடுத்த சீரத்தில் இன்சுலின். அலகு: மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட் (மூலத்தில் `mu U/ml`). பதிவான எண்கள் 14 முதல் 846 வரை. 0 என்றால் அளவு இல்லை என்று எடுத்துக்கொண்டோம். மூலக் கோப்பில் மாற்றம் செய்யவில்லை. அப்படி 374 வரிகள். தோல் மடிப்பு 0 ஆக உள்ள 227 வரிகளும் இதில் அடங்கும். விடுபட்ட காரணம் மூலத்தில் இல்லை."

படித்துவிட்டு ஒப்புதல் போட எடுத்தபோது, "ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குண்ணா" என்று தோல் மடிப்பு நெடுவரிசையைக் காட்டினார். 580-ஆவது வரியில் 99 மில்லிமீட்டர். அதற்கு அடுத்த பெரிய எண் 63. பரவலாகப் பயன்படும் ஹார்பென்டன் இடுக்கியே 80 மில்லிமீட்டர் வரைதான் திறக்கும். அந்தப் பெண்ணின் உடல் நிறைக் குறியீடு 34.7. அட்டவணையிலேயே மிக அதிகமாக 67.1 உள்ள பெண்ணுக்குத் தோல் மடிப்பு வெறும் 46-தான். பழைய கோப்புகளில் இரண்டு இலக்க நெடுவரிசையில் 99 என்று போட்டு வெற்றிடத்தைக் குறிப்பது வழக்கம். இது அப்படி விட்டுப்போன குறியாக இருக்கலாம், எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம்.

"எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அவர் என்னிடம் சொன்ன காரணங்களை அதே வரிசையில் ஆவணத்தில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்து, பக்கத்தில் "சந்தேகத்துக்குரியது, உறுதி செய்யப்படவில்லை" என்று சேர்த்தார். அதற்குப் பிறகு ஒப்புதல் போட்டேன்.